ஒரே ஸ்கிரீன்ஷாட், நாலு அர்த்தம்: நண்பர்கள் ஏன் ஒத்துப்போவதில்லை?

சாட்டில் வந்த ஒரு பதில் உறுத்துகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து நாலு நண்பர்களுக்கு அனுப்பி, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கிறோம். நாலு பதில் வருகிறது, நாலும் நாலு திசையில். கேட்பதற்கு முன்பு இருந்ததைவிடக் குழப்பம் கூடிவிடுகிறது.

இது ஏன் என்று கேட்டால் வழக்கமாக இரண்டு விளக்கங்கள் கிடைக்கும். சிலருக்கு ஆளைப் படிக்கத் தெரியும், சிலருக்குத் தெரியாது என்பது ஒன்று. பேச்சில் 93 சதவீதம் குரலும் உடல்மொழியும்தான், எழுத்தில் வெறும் 7 சதவீதம்தான் வரும் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதை முதலில் ஓரங்கட்டிவிடலாம். அந்த எண்கள் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளைச் சேர்த்து வந்தவை. அங்கே ஆட்கள் கேட்டது தனித்தனிச் சொற்களை. பார்த்தது முகப் படங்களை. சொல்பவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஊகிப்பதுதான் வேலை. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். உண்மையில் எழுத்தில் 7 சதவீதம்தான் வரும் என்றால் இந்தக் கட்டுரையை நீங்கள் படிப்பதே வீண்.

முதல் விளக்கத்தில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் ஆளைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள் நாலு பேரிடம் கொடுத்தாலும் நாலு பதில் வரும். அதற்குக் காரணம் வேறு. ஒரு சாட்டை வைத்துப் பார்க்கலாம்.

## நாம் பார்க்கப்போகும் சாட்

உதாரணத்துக்காக நானே எழுதியது இது. "நீங்கள்" என்பது ஸ்கிரீன்ஷாட் அனுப்புபவர்.

ஞாயிறு
நீங்கள், இரவு 9:12: நாளைக்கு வரமுடியாது போல இருக்கு. சாரி. கொஞ்சம் வேலை
அவர், 9:40: சரி
நீங்கள், 9:41: கோபமா?
அவர், 11:05: இல்ல.
நீங்கள், 11:06: அப்புறம் ஏன் இப்படிப் பேசற

திங்கள்
அவர், காலை 8:20: ஒண்ணும் இல்ல 🙂 நீ வேலையப் பாரு

இது நாலு பேருக்குப் போகிறது. உங்கள் நெருங்கிய தோழி, "செம கோபம். அந்த முற்றுப்புள்ளியப் பாரு" என்கிறார். அலுவலக நண்பர், "ஒண்ணும் இல்லப்பா, தூங்கிட்டு காலைல பதில் போட்டிருக்கார்" என்கிறார். சமீபத்தில்தான் ஒரு பழைய நட்பு முறிந்துபோன இன்னொருவர், "உன்னக் கழட்டிவிடப் பார்க்கறார், எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்கிறார். உங்கள் இருவரையும் தெரிந்த நாலாவது ஆள், "அவர் எப்பவுமே இப்படித்தான். நீதான் நச்சரிக்கற" என்கிறார்.

நாலு பேருமே முட்டாள்கள் இல்லை, யாரும் பொய் சொல்லவும் இல்லை. திரையில் இருப்பதைத்தான் படித்திருக்கிறார்கள். ஆனால் திரையில் இல்லாததையும் சேர்த்துப் படித்திருக்கிறார்கள். அந்தச் சேர்மானம் ஆளுக்கு ஆள் வேறு.

## மேசையில் தட்டிய பாட்டு

எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதுக்குள் ஓடவிட்டு, அதன் தாளத்தை மட்டும் மேசையில் விரலால் தட்டுங்கள். எதிரில் இருப்பவர் என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். தட்டுகிற உங்களுக்கு அது படு சுலபமாகத் தெரியும், ஏனென்றால் உங்கள் காதுக்குள் வரியும் மெட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரில் இருப்பவருக்குக் கேட்பது டொக் டொக் மட்டும்தான்.

1990-ல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக இதைச் செய்துபார்த்தார். தட்டியவர்கள், பாதிப் பாட்டையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3.

சாட்டில் எழுதுவதும் தட்டுவதுதான். "கோபமா?" என்று நீங்கள் எழுதும்போது உங்கள் தலைக்குள் அது அக்கறையான குரலில் ஒலிக்கிறது. படிப்பவருக்கு அந்தக் குரல் போய்ச் சேரவில்லை. 2005-ல் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் மற்ற இருவரும் இதை மின்னஞ்சலில் சோதித்தார்கள். ஒருவர் கிண்டலாகவோ நிஜமாகவோ சில வாக்கியங்களைச் சொல்ல வேண்டும். எது கிண்டல், எது நிஜம் என்று மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். குரலில் கேட்டவர்கள் சுமார் முக்கால் பங்கு சரியாகச் சொன்னார்கள். எழுத்தில் படித்தவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அதாவது காசு சுண்டிப்போட்டாலும் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். ஆனால் அனுப்பியவர்கள் இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒரே அளவு நம்பிக்கையோடு இருந்தார்கள். எழுத்தில் என்ன தொலைந்தது என்று எழுதியவருக்குத் தெரியவே இல்லை.

சாதாரணச் சாட்டில் இதனால் பெரிய சேதம் வருவதில்லை. நீங்களும் அவரும் பல வருடம் பழகியிருப்பீர்கள். இருவருக்கும் தெரிந்த விஷயங்கள், இருவருக்கும் தெரியும் என்று இருவருக்கும் தெரிந்த விஷயங்கள், எல்லாம் அடியில் கிடக்கும். மொழியியலில் இதற்குப் பொதுத்தளம் என்று பெயர். பாட்டின் பாதி அங்கிருந்துதான் வருகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது சொற்கள் மட்டும் வருகின்றன, பொதுத்தளம் அங்கேயே தங்கிவிடுகிறது. உங்கள் நண்பர்கள் நாலு பேரும் வேறு யாருக்காகவோ தட்டிய தாளத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதுவரை பார்த்தது: எழுத்தில் தொனி குறைகிறது, அந்தக் குறையைப் பழக்கம் நிரப்புகிறது, ஸ்கிரீன்ஷாட்டைப் படிப்பவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

## படத்துக்குள் வராதவை

நம் சாட்டையே மறுபடி பாருங்கள். 9:41-க்கு நீங்கள் கேட்டதற்கு 11:05-க்குப் பதில் வந்திருக்கிறது. நடுவில் 84 நிமிடம். தோழி இதை "வேணும்னே இழுத்தடிச்சிருக்கார்" என்று படித்தார். ஆனால் படத்தில் தெரிவது பதில் அனுப்பிய நேரம் மட்டும். அவர் உங்கள் கேள்வியை எப்போது பார்த்தார் என்பது அதில் இல்லை. 9:42-க்குப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாரா, 11:04-க்குத்தான் கையில் எடுத்தாரா? இரண்டும் நேரெதிர்க் கதைகள், இரண்டுக்கும் படம் ஒன்றே.

அப்புறம், இந்த உரையாடல் நடந்து முடிய 11 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. உங்கள் நண்பர் அதை இருபது நொடியில் படித்துவிடுகிறார். நடுவில் வந்துபோன ராத்திரி அவருக்கு ஒரு சின்னத் தேதிக் கோடு மட்டும். வரிகள் அடுத்தடுத்து இடிப்பதால் சூடான வாக்குவாதம் போலத் தோன்றுகிறது. நடந்தபோது அவ்வளவு சூடு இருந்ததா என்பது வேறு விஷயம்.

குரல் பதிவு ஏதாவது நடுவில் இருந்தால் படத்தில் அது ஒரு அலைக்கோடும் சில நொடி எண்ணிக்கையுமாகத்தான் வரும். அதில் "சரி சரி, பரவால்ல, பாத்துக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாலும் படிப்பவருக்குத் தெரியாது. போனில் பேசியது இன்னும் மோசம், ஒரு அழைப்புக் குறி மட்டும் நிற்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு இன்னொன்று. இவர் சும்மா இருக்கும் நாளில் எப்படி எழுதுவார்? இதை வழக்கநடை என்று வைத்துக்கொள்வோம்: ஒருவர் எந்த மனத்தாங்கலும் இல்லாதபோது சாதாரணமாக எழுதும் விதம். தினமும் ஒற்றைச் சொல்லில் பதில் போடுபவரின் "சரி" ஒன்று. பத்து வரி எழுதி நாலு சிரிப்புக் குறி போடுபவர் திடீரென்று எழுதும் "சரி" வேறொன்று. ஆறு வரி படத்தைப் பார்த்து எது என்று சொல்ல யாராலும் முடியாது. நாலாவது நண்பர் "அவர் எப்பவுமே இப்படித்தான்" என்றது புத்திசாலித்தனத்தால் அல்ல. அவரிடம் மட்டும் இந்தத் தகவல் இருந்தது, அவ்வளவுதான்.

## படிப்பவரின் தலைக்குள் ஒரு கணக்கு

இப்போது மையமான விஷயத்துக்கு வரலாம். தகவல் குறைந்தால் எல்லோரும் "தெரியவில்லை" என்றுதானே சொல்ல வேண்டும்? ஏன் ஒவ்வொருவரும் அடித்துச் சொல்கிறார்கள்?

ஏனென்றால் யாரும் வெற்று மனதோடு படிக்க ஆரம்பிப்பதில்லை. படத்தைத் திறப்பதற்கு முன்பே, "இந்த மாதிரி நேரத்தில் ஆட்கள் பொதுவாக இப்படித்தான்" என்று ஒரு எண்ணம் இருக்கிறது. இதை முன்நம்பிக்கை என்போம். கிடைக்கும் சான்றை இந்த முன்நம்பிக்கையோடு பெருக்கித்தான் முடிவு வருகிறது. இப்படிப் பெருக்கும் முறைக்கு 18-ம் நூற்றாண்டின் தாமஸ் பேயஸ் பெயரில் ஒரு தேற்றமே இருக்கிறது. சூத்திரம் வேண்டாம், எண்ணிப் பார்த்தாலே போதும்.

கீழே வரும் எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. கடைசி நேரத்தில் "வரமுடியாது" என்று சொல்லப்பட்ட 100 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். கோபப்பட்டவர்களில் 10-க்கு 8 பேர் ஒற்றைச் சொல்லில் பதில் போடுவார்கள் என்று வைப்போம். கோபப்படாதவர்களிலும் 10-க்கு 5 பேர் அப்படித்தான் போடுவார்கள். சோம்பல், வேலை, பழக்கம், ஏதோ ஒன்று. இந்த இரண்டு எண்ணிலும் தோழிக்கும் அலுவலக நண்பருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வேறுபாடு முன்நம்பிக்கையில்தான். கடைசி நேரத்தில் கைவிட்டால் 100-ல் 60 பேர் கோபப்படுவார்கள் என்பது தோழியின் எண்ணம். அப்படியானால் கோபப்பட்டு ஒற்றைச் சொல் போடுபவர்கள் 48 பேர். கோபப்படாத 40 பேரில் ஒற்றைச் சொல் போடுபவர்கள் 20. மொத்தம் 68 "சரி"களில் 48 கோபம். அதாவது சுமார் 71 சதவீதம். "செம கோபம்" என்று அவர் சொன்னது நியாயம்தான்.

அலுவலக நண்பர் திட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும் சூழலில் பழகியவர். அவர் கணக்கில் 100-ல் 10 பேர்தான் கோபப்படுவார்கள். அவர்களில் ஒற்றைச் சொல் போடுபவர்கள் 8. மீதி 90 பேரில் 45. மொத்தம் 53-ல் 8, சுமார் 15 சதவீதம். "ஒண்ணும் இல்லப்பா" என்று அவர் சொன்னதும் நியாயம்தான்.

ஒரே படம், ஒரே முறைக் கணக்கு, ஒருவருக்கு 71, ஒருவருக்கு 15. இதில் யாரும் தப்பாக யோசிக்கவில்லை. ஒற்றைச் சொல் பதில் என்பது மெலிந்த சான்று, அது இரண்டு பேரையும் அவரவர் இடத்திலிருந்து கொஞ்சம்தான் நகர்த்தியது: ஒருவரை 60-லிருந்து 71-க்கு, மற்றவரை 10-லிருந்து 15-க்கு. நகர்ந்த தூரம் சின்னது, புறப்பட்ட இடங்களின் தூரம் பெரியது.

இப்போது வழக்கநடையை உள்ளே விடுவோம். இவர் சாதாரண நாளில் நீளமாக எழுதுபவர், கோபம் இல்லாதபோது 20 பதிலில் ஒன்றுதான் ஒற்றைச் சொல் என்று பழைய சாட்டிலிருந்து தெரிகிறது. கோபப்பட்டால் ஒற்றைச் சொல் வரும் வாய்ப்பு அதே 10-க்கு 8. தோழியின் கணக்கில் கோபம் 48, கோபமில்லாதது 2: 96 சதவீதம். அலுவலக நண்பரின் கணக்கில் கோபம் 8, கோபமில்லாதது 4.5: 64 சதவீதம். முன்நம்பிக்கை யாருக்கும் மாறவில்லை. ஆனாலும் "கோபமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்" என்பதில் இருவரும் ஒரே பக்கம் வந்துவிட்டார்கள்.

மாறாக, இவர் சும்மா இருக்கும்போதும் 10-க்கு 8 தடவை ஒற்றைச் சொல்தான் என்றால்? கோபம் இருந்தாலும் 8, இல்லாவிட்டாலும் 8. அந்தச் "சரி"யில் கோபத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தோழி 60-லேயே நிற்பார், நண்பர் 10-லேயே நிற்பார். அவர்கள் சொல்வது உங்கள் சாட்டைப் பற்றியே அல்ல, உலகத்தைப் பற்றிய அவர்களது பழைய எண்ணத்தைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். நட்பு முறிந்தவர் "எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அவரிடம் இருந்த முன்நம்பிக்கை புதியது, காயம்பட்டது. எந்தப் படத்தைக் காட்டியிருந்தாலும் அங்கேதான் போயிருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

சுருக்கினால்: சான்று மெலிந்திருந்தால் முன்நம்பிக்கைதான் பதில் சொல்லும், முன்நம்பிக்கை ஆளுக்கு ஆள் வேறு. சான்று வலுத்தால் பதில்கள் நெருங்கும். சான்றை வலுவாக்குவது பெரும்பாலும் வழக்கநடை.

## முற்றுப்புள்ளியும் அந்தச் சிரிப்பும்

"இல்ல." என்பதில் இருக்கும் புள்ளியைத் தோழி பிடித்துக்கொண்டார். அது வெறும் கற்பனை இல்லை. பிங்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சீலியா க்ளினின் குழு 126 மாணவர்களிடம் இதைச் சோதித்தது. ஒற்றைச் சொல் பதிலின் முடிவில் புள்ளி இருந்தால் அது அவ்வளவு மனதார வந்ததாகத் தெரியவில்லை என்று மாணவர்கள் மதிப்பிட்டார்கள். அதே பதிலைக் கையால் எழுதிய துண்டுச்சீட்டாகக் காட்டியபோது அந்த வித்தியாசம் இல்லை. ஆக, போனில் புள்ளிக்குத் தனியாக ஒரு வேலை வந்திருக்கிறது. ஆனால் இது படிப்பவர்களின் மதிப்பீடு. புள்ளி வைத்தவர் மனதில் என்ன இருந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. எப்போதும் புள்ளி வைத்து எழுதும் ஆட்களும் இருக்கிறார்கள். அங்கே மறுபடி வழக்கநடைதான் பேசும். நம் சாட்டில் அவர் முதலில் எழுதிய "சரி"யில் புள்ளி இல்லை, "இல்ல."வில் இருக்கிறது. இந்த மாற்றம் புள்ளியைவிடக் கவனிக்க வேண்டியது.

🙂 இன்னும் வழுக்கல். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு ஒன்று 2016-ல் கண்டது இது: ஒரே எமோஜியின் ஒரே வடிவத்தைப் பார்த்தபோதே, அது நல்லவிதமா, கெட்டவிதமா, நடுநிலையா என்பதில் நாலில் ஒரு பங்கு நேரம் ஆட்கள் ஒத்துப்போகவில்லை. போனுக்குப் போன் வடிவம் மாறுவது அதற்கு மேல். சிலருக்கு இந்தச் சிரிப்பு சமாதானக் கொடி, சிலருக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது. கூடவே "நீ வேலையப் பாரு" என்று வேறு இருக்கிறது. அதைப் பரிவாகவும் படிக்கலாம், கதவைச் சாத்துவதாகவும் படிக்கலாம். சிரிப்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் அந்த வாக்கியத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

## நீங்கள் கேட்ட விதம்

இதுவரை நண்பர்களைப் பற்றிப் பேசினோம். படத்தை வெட்டியவர் நீங்கள்.

நம் சாட்டுக்கு மேலே, திரையில் வராத இடத்தில், இரண்டு வாரத்துக்கு முன்பும் நீங்கள் கடைசி நேரத்தில் "வரமுடியாது" என்று எழுதியிருந்தால்? அதற்கு அவர் "பரவால்ல, அடுத்த தடவை கண்டிப்பா வா" என்று நீளமாகப் பதில் போட்டிருந்தால்? அந்த இரண்டு வரியும் உள்ளே வந்தால் எல்லோருடைய கணக்கும் மாறும்: கோபத்துக்குக் காரணமும் கூடுகிறது, வழக்கநடையும் தெரிகிறது. நீங்கள் வேண்டுமென்றே மறைக்கவில்லை. ஒரு திரைக்கு அடங்கியதை எடுத்தீர்கள். ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று முடிவு செய்ததிலேயே, பிரச்சினை அவரது "சரி"யில் தொடங்கியது என்ற கதை ஒளிந்திருக்கிறது.

படத்தோடு போன வரியும் வேலை செய்யும். ஒருவருக்கு "இவர் எப்படிப் பேசறார் பாரு" என்று அனுப்பியிருப்பீர்கள். இன்னொருவருக்கு, அதற்குள் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும், "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" என்று அனுப்பியிருப்பீர்கள். முதலாமவர் அவரிடம் குற்றம் தேடுவார், இரண்டாமவர் உங்களிடம் தேடுவார். முதலில் கேட்டது பின்னால் வருவதற்கு நிறம் பூசும் என்பதை 1946-லேயே உளவியலாளர் சாலமன் ஆஷ் காட்டினார். ஒரு ஆளைப் பற்றி ஒரே ஆறு பண்புகளைச் சொன்னார். ஒரு குழுவுக்கு "அறிவாளி"யில் தொடங்கிப் "பொறாமைக்காரர்" வரை, மற்றதற்குத் தலைகீழாக. அறிவாளி என்று முதலில் கேட்டவர்களுக்கு அந்த ஆளைப் பற்றி நல்ல எண்ணமே மேலோங்கியது. ஆறு சொற்களுக்கே இந்த நிலை என்றால், கோபத்தோடு எழுதிய முன்குறிப்பு என்ன செய்யும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தோழி உங்கள் பக்கம் சாய்ந்ததற்கு இன்னொரு எளிய காரணமும் உண்டு: அவர் உங்கள் தோழி. கேட்டது அர்த்தம்தான், ஆனால் அவர் காதில் விழுந்தது "எனக்குக் கஷ்டமா இருக்கு". ஆறுதலை அர்த்தமாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிற குழப்பம். அது அவர் தப்பில்லை.

## நாலில் மூன்று பேர் சொன்னால் உண்மையா?

பெரும்பான்மையை நம்பலாம் என்று தோன்றும். நிறையப் பேரின் ஊகம் ஒருவரின் ஊகத்தைவிட நல்லது என்பது சில நிபந்தனைகளோடு சரியும்கூட. முக்கிய நிபந்தனை, ஊகங்கள் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். மூன்று பேரும் உங்கள் வாயால் அதே கதையைக் கேட்டுவிட்டு அதே வெட்டிய படத்தைப் பார்த்திருந்தால், அவர்கள் சொல்வது உங்கள் ஊகத்தின் மூன்று நகல். குழுவில் போட்டுக் கேட்டால் இன்னும் மோசம்: முதலில் பதில் போட்டவர் "கோபம்தான்" என்றால், அடுத்தவர் படத்தைத் திறக்கும்போதே கோபத்தைத் தேடித்தான் திறக்கிறார்.

இதனால் ஒரு விநோதம்: ஆளாளுக்கு ஒன்று சொல்லும்போதுதான் உங்களுக்கு நிஜத் தகவல் கிடைக்கிறது. இந்தப் படத்தில் இருக்கும் சான்று மெலிந்தது என்பதே அந்தத் தகவல்.

## எப்படிக் கேட்டால் பயனுண்டு

இதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். சண்டை வந்த இடத்தை மட்டும் கொடுக்காமல், சண்டையே இல்லாத ஒரு பழைய நாளின் சாட்டையும் சேர்த்துக் கொடுங்கள். வழக்கநடை அதில்தான் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தவரின் பெயரையும் எண்ணையும் மறைத்துவிடுங்கள்; அவர் சொற்களை அவரைக் கேட்காமல்தான் நீங்கள் காட்டுகிறீர்கள். முன்குறிப்பு எழுதாதீர்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.

முடிந்தால் எந்தப் பக்கம் நீங்கள் என்று சொல்லாமல் கேட்டுப் பாருங்கள். வரிகளைத் தட்டச்சு செய்து "முதல் ஆள்", "இரண்டாம் ஆள்" என்று கொடுத்தால் போதும். உங்கள் எழுத்துநடை தெரிந்த நண்பர் கண்டுபிடித்துவிடுவார் என்பது இதன் குறை, ஆனாலும் கண்டுபிடிக்கும்வரை பக்கச்சார்பு இருக்காது. "அப்புறம் ஏன் இப்படிப் பேசற" என்ற வரியை யாரோ ஒருவர் எழுதியதாகப் படிக்கும்போது எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

கேள்வியையும் மாற்றிக் கேட்கலாம். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்பதை விட்டுவிட்டு மூன்றைக் கேளுங்கள். திரையில் என்ன தெரிகிறது? அதிலிருந்து நீ என்ன ஊகிக்கிற? என்ன தெரிந்தால் உன் ஊகத்தை மாற்றிக்கொள்வாய்? முதல் கேள்விக்கு நாலு பேரும் கிட்டத்தட்ட ஒரே பதில் தருவார்கள்: பதில்கள் குட்டையாக இருக்கின்றன, ஒன்றில் புள்ளி இருக்கிறது, நடுவில் இடைவெளி இருக்கிறது. இரண்டாவதில் பிரிவார்கள். மூன்றாவதுதான் உபயோகமானது. "அவர் வழக்கமா எப்படி எழுதுவார்னு தெரிஞ்சா மாத்திக்குவேன்" என்று அலுவலக நண்பர் சொன்னால், போய்ப் பார்க்க உங்களிடம் பழைய சாட் இருக்கிறது. "என்ன தெரிஞ்சாலும் மாத்திக்க மாட்டேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் படித்துக்கொண்டிருப்பது உங்கள் படத்தை அல்ல.

இவ்வளவும் செய்த பிறகும் கிடைப்பது வாய்ப்புக் கணக்குதான். நம் உதாரணத்திலேயே, நீளமாக எழுதுபவர் என்று தெரிந்த பிறகும் அலுவலக நண்பர் 64-ல்தான் நின்றார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேறு ஏதோ காரணமாக இருக்க இடமிருக்கிறது. தவிர, அவர் ஞாயிறு ராத்திரி லேசாகச் சிணுங்கி, திங்கள் காலையில் மறந்துபோயிருக்கலாம். அப்படியானால் "இல்ல."வைப் படித்த தோழியும் சரி, 8:20 பதிலைப் படித்த அலுவலக நண்பரும் சரி. இருவரும் ஒரே படத்தின் வேறுவேறு நேரத்துக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.